ரேஷன் பாமாயிலும் சூரியகாந்தியும் கலந்தால் தவிட்டெண்ணெய் ஆகுமா?

கன்னங்குறிச்சிக்காரன்: வீட்டில் நாலு பேர். ரேஷனில் மாதம் ஒரு லிட்டர் பாமாயில் வருது, கடையில் சூரியகாந்தி ஒரு லிட்டர் வாங்கறோம். ரெண்டையும் ஒரே கேன்ல கலந்துட்டா தவிட்டெண்ணெய் மாதிரி சமநிலை வந்துடும்னு சொல்றாங்க. அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சு ஆறு மாசம் ஆச்சு. கலக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை மண்டி: தாராளமா கலக்கலாம். வெறும் சூரியகாந்தியில வடை சுட்டுப் பாருங்க, நாலாவது ஈட்டுல நுரை கட்டும், சட்டி ஓரத்துல பிசின் மாதிரி ஒட்டும், தேய்ச்சாலும் போகாது. பாமாயில் சேர்ந்தா அந்தச் சூட்டைத் தாங்கும். கம்பெனிக்காரங்களே கலந்துதானே விக்கறாங்க? ஒவ்வொரு எண்ணெயும் குறைஞ்சது 20 சதவீதம் இருக்கணும், எது எவ்வளவுன்னு பாக்கெட்டுல போடணும்னு சட்டமே இருக்கு.

கணக்குப்புள்ள: பொரிக்கற சூட்டைப் பத்தி மண்டிக்காரர் சொன்னது சரி. ஆனா தம்பி கேட்டது இதயத்தைப் பத்தி.

பாமாயில் நூறு கிராமில் சாச்சுரேட்டட் கொழுப்பு சுமார் 44 கிராம், மோனோ அன்சாச்சுரேட்டட் 43, பாலி அன்சாச்சுரேட்டட் 11. சூரியகாந்தியில் 11, 25, 64. பாதிக்குப் பாதி கலந்தா சாச்சுரேட்டட் 27, மோனோ 34, பாலி 38 கிட்ட வரும். தவிட்டெண்ணெய் 22, 42, 36. பாலி ஒட்டி வருது, ஆனா சாச்சுரேட்டட் அஞ்சு கூடுது, மோனோ எட்டு குறையுது. தவிட்டெண்ணெய்க்கே உரிய ஓரைசனால்ங்கற சத்து இந்தக் கலவையில் எத்தனை குலுக்கினாலும் வராது.

இன்னொண்ணு. கேன்ல கலந்தாலும் தனியா வெச்சாலும், மாசக் கடைசியில் வீட்டுக்குள்ள போன கொழுப்பு அதேதான். மாறுறது யார் தட்டுல எது விழுதுங்கறது மட்டும். தனியா இருந்தா பாமாயில் வடை, அப்பளம் பொரிக்கறதுக்குப் போகும். அப்பா அதையெல்லாம் தவிர்த்தா அவருக்கு அது இல்லை. கலந்துட்டா அவரோட ரசத் தாளிப்புலயும் பாதி பாமாயில்தான்.

ஏற்காடு காப்பி: இவ்வளவு கணக்கு எதுக்குங்க? மார்கழியில எங்க ஊர்ல பாமாயில் பாட்டில் அடியில வெள்ளையா உறைஞ்சு நிக்குது. பாட்டில்ல உறையறது ரத்தக்குழாய்ல உறையாதா?

கணக்குப்புள்ள: உறையாதுங்க. மார்கழி விடியலில் ஏற்காட்டுக் குளிர் வேற, உடம்பு 37 டிகிரி வேற. எண்ணெய் அப்படியே ரத்தத்துல ஓடறதும் இல்லை, குடலில் உடைஞ்சு வேற வடிவத்துல போகுது. பாமாயிலில் கெடுதல் பால்மிடிக் அமிலம்தான், அது எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தும். அது கட்டியா இருந்தாலும் தண்ணியா இருந்தாலும் ஒண்ணுதான். ஆக, நீங்க போய்ச் சேர்ந்த இடம் சரி, வந்த வழி தப்பு.

ஆனா குளிர்ல கலவைக்கு ஒரு சிக்கல் நிஜமா உண்டு. பாமாயில் பங்கு அடியில் படிஞ்சுடும். மேலாக ஊத்தினா முதல் பாதியில் சூரியகாந்தி அதிகம், கடைசியில் பாமாயில் அதிகம். நீங்க போட்ட பாதிக்குப் பாதி கணக்கு தினமும் மாறும். வெந்நீர்ல பாட்டிலை நிறுத்தி முழுசா தெளிஞ்ச பிறகு குலுக்கினாத்தான் சமமாகும்.

அரியானூர் அம்மணி: நாங்க செக்குல ஆட்டுன நல்லெண்ணெய்தானுங்க எல்லாத்துக்கும். அஞ்சு வருசமாச்சு, எடை மட்டும் குறையவே மாட்டேங்குது. எந்த எண்ணெய்ங்க எடைக்கு நல்லது?

கணக்குப்புள்ள: எடைக்கு நல்ல எண்ணெய்னு ஒண்ணு இல்லீங்கம்மா. எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். இது வேற கேள்வி, தனி இழை போடுங்க.

சந்தேகக் கேஸ்: சாச்சுரேட்டடைக் குறைச்சா இதயம் பிழைக்கும்ங்கறதே முடிவான விஷயமா? அமெரிக்காவில் மின்னசோட்டாவில் 1968ல் இருந்து 1973 வரை சோள எண்ணெய் கொடுத்துப் பார்த்தாங்க. கொலஸ்ட்ரால் இறங்குச்சு, சாவு இறங்கலைன்னு 2016ல் மறு ஆய்வு வந்துச்சே. சூரியகாந்தியும் அதே ஒமேகா-6 தானே? ஒமேகா-3 பேருக்குக்கூட இல்லை.

கணக்குப்புள்ள: அந்த ஆய்வு உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனா அதில் பெரும்பாலானவங்க ஒரு வருசத்துக்குள்ளயே சோதனையை விட்டுப் போயிட்டாங்க. குழாய் அடைப்பு மாதிரி மெதுவா வளர்ற நோய்க்கு அது போதாத காலம். மத்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தா சாச்சுரேட்டடைக் குறைச்சதுல மாரடைப்பு மாதிரி சம்பவங்கள் குறைஞ்சிருக்கு, சாவில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஒமேகா-3 பத்தி ஒத்துக்கறேன், சூரியகாந்தி மட்டும் ஊத்தறதை நானும் சொல்லமாட்டேன்.

சந்தேகக் கேஸ்: ஓட்டையான ஆய்வுன்னு தள்ளிட்டா எல்லாத்தையும் தள்ளலாம். எனக்கு இன்னும் திருப்தி இல்லை.

கன்னங்குறிச்சிக்காரன்: சரிங்க, எங்க வீட்டுக்கு என்ன பண்றது? தவிட்டெண்ணெய்க்கு மாறினா எவ்வளவு வித்தியாசம் வரும்?

கணக்குப்புள்ள: எண்ணெயில் மட்டும் பார்த்தா ஆச்சரியமா கம்மி. மாசம் ரெண்டு லிட்டர், நாலு பேர்: தலைக்கு நாளுக்கு 15 கிராம். கலவையில் சாச்சுரேட்டட் 4 கிராம், தவிட்டெண்ணெயில் 3.3. முக்கால் கிராம்தான் மிச்சம்.

இப்போ சட்னிக்கு வாங்க. ஒரு மூடி தேங்காயில் பருப்பு 120 கிராம்னு வைங்க. அதில் மூணுல ஒரு பங்கு கொழுப்பு, 40 கிராம். அந்தக் கொழுப்பில் பத்துல ஒன்பது பங்கு சாச்சுரேட்டட், 36 கிராம். நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 9. ஒருநாள் சட்னி, எண்ணெய் மாத்தி நீங்க பன்னிரண்டு நாள் சேமிச்சதைச் சாப்பிட்டுடும். அப்பாவுக்கு நாளுக்கு 1800 கலோரின்னா மொத்தச் சாச்சுரேட்டடே 20 கிராமுக்குள்ள நிக்கணும். ஆரஞ்சு பாக்கெட் பாலில் 6 சதவீதம் கொழுப்பு, அதில் பாதிக்கு மேல சாச்சுரேட்டட். அதையும் கணக்குல சேருங்க.

அதனால கலக்காதீங்க. தாளிப்புக்கும் பொரியல் வதக்கவும் தவிட்டெண்ணெய், கூடவே அரை லிட்டர் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ. பாமாயில் எண்ணெய்ச்சட்டிக்கு மட்டும். பொரிச்சதும் ஆறவெச்சு வடிகட்டி, துகள் இல்லாம எடுத்துவெச்சு ரெண்டொரு நாளில் மத்தவங்க குழம்புக்குத் தீர்த்துடுங்க, அப்பாவுக்கு வேண்டாம். சூடு ஏறாமலே புகை வந்தாலோ, நுரை அடங்காம நின்னாலோ கொட்டிடுங்க. டாக்டர் எழுதின மாத்திரையை எண்ணெய் மாத்தினோம்னு நிறுத்தக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டை மண்டி: தேங்காயை நிறுத்தச் சொன்னா சேலத்துல யார் கேப்பா? தட்டுவடை செட்டுக்குக்கூட சட்னி வேணும். சரி, தவிட்டெண்ணெய் வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க. காரம் போட்டுச் சுத்திகரிச்சா ஓரைசனால் பெரும்பாலும் சோப்புக் கழிவோட போயிடும். நீராவி முறையில் சுத்திகரிச்சதுல தங்கும். பாக்கெட்டுல 10,000 பிபிஎம்னு ஒருத்தர் போடுவாங்க, நூறு கிராமுக்கு 1 கிராம்னு இன்னொருத்தர் போடுவாங்க. பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு, அதனால ரெண்டும் ஒரே அளவு. பெரிய எண்ணைப் பார்த்து அதிக விலை கொடுத்துடாதீங்க.

கணக்குப்புள்ள: இதை ஒத்துக்கறேன். தேங்காயை நிறுத்தச் சொல்லலை, ஒரு மூடியை அரை மூடியாக்கிப் பொட்டுக்கடலையை ஏத்தச் சொல்றேன்.

கன்னங்குறிச்சிக்காரன்: அம்மாகிட்ட யார் சொல்றது? சரி, ஏற்கனவே கலந்து வெச்ச ரெண்டு லிட்டரை என்ன பண்றது?

செவ்வாய்ப்பேட்டை மண்டி: வடை சுடுங்க.