கையை எடுத்த பிறகும் இறங்கும் பிரஸ்: வால்வு பற்றி யோசனை வேண்டும்

வணக்கம். புதுச்சேரி சேதராப்பட்டில் எங்கள் பட்டறையில் 200 மி.மீ. சிலிண்டர் உள்ள ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது. 150 பாரில் சுமார் 48 டன் தள்ளும். முதலில் அழுத்தம் 170 வரை தாண்டியது. ராம் பொருளைத் தொடும்வரை பிஎல்சியில் இன்டக்ரல் கூட்டலை நிறுத்தியதும் அது சரியாகிவிட்டது.

இப்போது என்னைத் தூங்கவிடாதது வேறு. போன வாரம் ஆபரேட்டர் இரண்டு கைகளாலும் சேர்த்து அழுத்த வேண்டிய இரண்டு பட்டன்களில் ஒன்றை விட்ட பிறகும் ராம் 4 மி.மீ. இறங்கியது. புரொபோர்ஷனல் வால்வுக்குப் போகும் சிக்னல் பூஜ்ஜியம்தான். கழற்றிப் பார்த்தால் ஸ்பூலில் அழுக்கு. அப்புறம் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிட்டு மற்றதை மட்டும் அழுத்தினாலும் பிரஸ் ஓடுகிறது!

பட்டன்களுக்கு டூ-ஹேண்ட் சேஃப்டி ரிலே வாங்குகிறேன், இரண்டையும் 0.5 நொடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், இரண்டையும் விட்டால்தான் அடுத்த சுற்று. என் கேள்வி வால்வு பற்றி. ஸ்பூல் சிக்கினால் புரொபோர்ஷனல் வால்வின் எனேபிள் சிக்னலைத் துண்டித்துப் பயனில்லை. ராமைத் தாங்கும் பக்கத்தில் பொசிஷன் சுவிட்ச் உள்ள பாப்பெட் வால்வு ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சர்க்யூட் படத்தோடு சொல்லுங்கள். அதுவரை பிரஸ்ஸை நிறுத்தி வைத்திருக்கிறேன்.