அமாவாசை செவ்வாயா, புதனா?

கார்த்தி: பெரியப்பா, அப்பாவுக்குத் தலைத்திவசம் போன மாசம் முடிந்துவிட்டது, இனி மாசா மாசம் நான்தான் தர்ப்பணம் பண்ண வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். ஒரு காலண்டரில் அமாவாசை செவ்வாய், இன்னொன்றில் புதன். எந்த நாளைக்கு லீவு போடட்டும்?

சாந்தி சித்தி: புதன்தான்ப்பா. சூரியன் உதிக்கும்போது எந்தத் திதியோ அதுதான் அன்றைய திதி. எங்கள் அப்பா அப்படித்தான் பார்ப்பார்.

பெரியப்பா: நிறைய விசேஷத்துக்கு அது சரிதான் சாந்தி, தர்ப்பணத்துக்கு மட்டும் பிற்பகலைத்தான் பார்க்க வேண்டும். கார்த்தி, தினசரிக் காலண்டரில் மணி என்ன போட்டிருக்கிறது?

கார்த்தி: செவ்வாய் தாளில் சதுர்த்தசி காலை 11.40 வரை, பிறகு அமாவாசை. புதன் தாளில் அமாவாசை காலை 10.15 வரை.

பெரியப்பா: அப்போது செவ்வாய். பகல் பொழுதை ஐந்து பங்காக்கி நாலாவது பங்கில் அமாவாசை இருக்கிறதா என்று பார்க்கணும். ஆறுக்கு ஆறு என்று வைத்தால் அது மதியம் 1.12 முதல் 3.36 வரை. செவ்வாய் அந்த நேரம் முழுக்க அமாவாசை, புதன் அந்த நேரத்துக்கு அது முடிந்தே போயிருக்கும். இரண்டு நாளும் பிற்பகலைப் பாதிப் பாதி தொட்டால்தான் தலைவலி, அப்போது ஐயர்களே ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

முருகேசன் மாமா: புதன்கிழமை வண்டி டெலிவரி எடுக்கலாமா? டெல்லியில் பக்கத்து வீட்டுக்காரர் அமாவாசையில் ஒன்றும் தொடங்கவே கூடாது என்கிறார்.

பெரியப்பா: வடக்கே அப்படித்தான் மாப்பிள்ளை. நம்ம பக்கம் நிறைந்த அமாவாசை என்று கடையே திறப்பார்கள். புதன் எமகண்டம் 9 மணிக்கு முடியும், 10.15க்குள் எடுத்துவிடுங்கள்.

கார்த்தி: அது சரி, ஏன் மாசா மாசம்? வருஷத்துக்கு ஒரு திவசம் போதாதா?

பெரியப்பா: நமக்கு ஒரு மாசம் பித்ருக்களுக்கு ஒரு நாள். அவர்கள் இருப்பது நிலாவுக்கு அந்தப் பக்கம் என்று கணக்கு, அமாவாசை அன்று சூரியன் அவர்கள் தலைக்கு நேர் மேலே இருக்கும், அதாவது உச்சிப்பொழுது, சாப்பாட்டு நேரம். மாசம் ஒரு முறை என்பது நமக்குத்தான், அவர்களுக்கு அது தினப்படி சாப்பாடு. ஒரு அமாவாசை விட்டால் உங்கள் அப்பா ஒரு நாள் பட்டினி என்பாள் எங்கள் அம்மா, அதைக் கேட்ட பிறகு நான் விட்டதில்லை.

ஜானு அண்ணி: எங்கட யாழ்ப்பாணத்தில் அமாவாசை தகப்பனுக்கு, பூரணை தாய்க்கு. தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போவார்கள், தாய்க்குச் சித்திரைப் பூரணை விரதம். இங்கே வந்த பிறகு என் அம்மாவுக்கு எந்த நாளில் பிடிப்பது என்று இன்னும் குழப்பம்தான்.

சாந்தி சித்தி: மகள் பிடிக்கலாமா அண்ணி? எங்கள் வீட்டில் கூடாது என்பார்கள்.

ஜானு அண்ணி: நான் பிடிக்கிறேன். என்னை யாரும் தடுக்கவில்லை.

சாந்தி சித்தி: கார்த்தி, சமையலுக்கு உங்கள் அம்மாவிடம் நாட்டுக்காய் மட்டும் என்று சொல். வாழைக்காய், புடலங்காய், பூசணி, பிரண்டைத் துவையல். முட்டைக்கோஸ், கேரட் வேண்டாம், வெங்காயம் பூண்டும் வேண்டாம். தர்ப்பணம் முடியும்வரை வாசலில் கோலம் போட வேண்டாம்.

கார்த்தி: காக்காய்தான் பிரச்சினை. பன்னிரண்டாவது மாடி, புறாதான் வருகிறது.

முருகேசன் மாமா: புறா தாத்தா 😂

பெரியப்பா: கீழே இறங்கி மதில் மேல் வை, கொஞ்சம் நேரம் நின்று பார். வரவே இல்லையென்றால் மாட்டுக்குக் கொடுத்துவிடு. கறுப்பு எள், தர்ப்பை இரண்டையும் முந்தின நாளே வாங்கிக்கொள். தெற்கே பார்த்து, எள்ளும் தண்ணீரும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழ வேண்டும், நேராக விரல் நுனி வழியே விடாதே. முக்கியமாக, ஐயர் பேர் கேட்பார், எழுதிக்கொண்டு போ. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. உன் அம்மா இருக்கிறாள், அதனால் பெண்கள் வரிசை அப்பத்தாவில் தொடங்கும், இன்னும் இரண்டு தலைமுறை மேலே போகும். அம்மாவைப் பெற்றவர்கள் பக்கம் உன் மாமாவிடம் கேள்.

கார்த்தி: அப்பத்தா மீனாட்சி, அவருடைய மாமியார் அழகம்மை. அதற்கு மேலே?

பெரியப்பா: அதுதான் எனக்கும் தெரியாது. நான் இத்தனை வருஷமும் பேர் தெரியவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதற்கும் ஐயர் ஒரு வழி வைத்திருக்கிறார்.

சாந்தி சித்தி: பரணில் ஒரு பித்தளை அண்டா இருக்கிறதே மாமா, அதில் ஏதோ வெட்டியிருக்கும். அவர் ஏணி போட்டு ஏறியிருக்கிறார், இருங்கள்.

சாந்தி சித்தி: 📷

சாந்தி சித்தி: புளி போட்டுத் தேய்த்தேன். விளிம்பில் "வள்ளி" என்று தெரிகிறது, அதற்கு அப்புறம் நசுங்கிவிட்டது. வள்ளியம்மையா, வள்ளிநாயகியா தெரியவில்லை.

பெரியப்பா: வள்ளி என்றே சொல்லுவோம் கார்த்தி. செவ்வாய் நானும் அப்படியே சொல்கிறேன்.