ஒரே பத்தியா வந்த ஃபார்வர்டை நோட்டீஸா மாத்தின அனுபவம், உங்களோடதும் சொல்லுங்க

மொட்டைமாடி

எங்க குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்புல அறிவிப்பு போடுற வேலை இப்ப என் தலைல. அசோசியேஷன் செகரட்டரி எங்கிருந்தோ வந்ததை அப்படியே எனக்கு ஃபார்வர்ட் பண்ணுவார், "கொஞ்சம் நீட்டா போட்டு விடுப்பா"ன்னு ஒரு வரி, அவ்வளவுதான். போன தடவை வந்தது இது, கமா முற்றுப்புள்ளி எதுவும் நான் எடுக்கல, வந்ததே இப்படித்தான்:

"அனைவருக்கும் வணக்கம் 🙏🙏 நாளை நமது குடியிருப்பில் மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யும் பணி நடைபெற இருப்பதால் காலை 8 மணி முதல் மதியம் 1 மணி வரை தண்ணீர் வராது ஆகவே அனைவரும் தேவையான தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளவும் வாட்டர் ஹீட்டரை அணைத்து வைக்கவும் மேலும் தண்ணீர் வந்ததும் முதல் 5 நிமிடம் குழாயை திறந்து விட்டு பிறகு பயன்படுத்தவும் அதன் பிறகே ஹீட்டரை போடவும் மொட்டை மாடிக்கு யாரும் செல்ல வேண்டாம் ஒத்துழைப்பு தரவும் நன்றி 🙏🙏🙏"

இதுல என்ன கூத்துன்னா, ஃபார்வர்ட் பண்ண மெசேஜை எடிட் பண்ண முடியாது, அதனால லாங் பிரஸ் பண்ணி காப்பி எடுத்து புது மெசேஜா ஒட்டணும். ஒரே மெசேஜை காப்பி பண்ணா வெறும் எழுத்து மட்டும் வரும், ரெண்டு மூணு மெசேஜை சேத்து செலக்ட் பண்ணி காப்பி பண்ணா ஒவ்வொன்னு முன்னாடியும் தேதி, நேரம், அனுப்பினவர் பேர் எல்லாம் ஒட்டிக்கிட்டு வரும், அதை முதல்ல அழிக்கணும்.

நான் ஸ்டார், கோடு எதுவும் போடறதுக்கு முன்னாடி செய்றது, "நாளை"யைத் தூக்கிட்டு தேதியும் கிழமையும் போடறது. ஏன்னா ஃபார்வர்ட் எப்ப கிளம்புச்சுன்னு யாருக்கும் தெரியாது, ராத்திரி பன்னெண்டு தாண்டிப் படிக்கிறவங்களுக்கு நாளைன்னா வேற நாள். செகரட்டரிகிட்ட கேட்டேன், 14ஆம் தேதி சனிக்கிழமைன்னார். அப்புறம்தான் இப்படி டைப் பண்ணேன், ரெண்டு ஸ்டாருக்கு நடுவுல இருக்கறது போல்டா வரும்:

```
*தண்ணீர் வராது: 14 சனி, காலை 8 - மதியம் 1*
மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யும் பணி.

*அதற்கு முன்*
- தேவையான தண்ணீரைப் பிடித்து வைக்கவும்
- வாட்டர் ஹீட்டரை அணைக்கவும்

*தண்ணீர் வந்ததும்*
1. 5 நிமிடம் குழாயைத் திறந்து விடவும்
2. பிறகே ஹீட்டரைப் போடவும்

> மொட்டை மாடிக்கு யாரும் செல்ல வேண்டாம்
```

முன்னாடி செய்யறதுக்கு வரிசை முக்கியமில்ல, அதனால கோடு. தண்ணி வந்த பிறகு செய்யறதுல வரிசை மாறினா தப்பாயிடும், அதனால நம்பர். வணக்கம், நன்றி, கும்பிடு எல்லாம் எடுத்துட்டேன், நோட்டிஃபிகேஷன்ல முதல் ஒன்னு ரெண்டு வரிதான் தெரியும், அந்த இடத்துல ரெண்டு கும்பிடு இருந்து என்ன பிரயோஜனம். போட்டப்புறம் "எப்ப சார் தண்ணி நிக்கும்"னு யாரும் கேக்கல, அதுவே எனக்குப் போதும். மத்தவங்க எப்படிப் பண்றீங்க?

சும்மா வந்தவன்

அண்ணே இதுக்கு எதுக்கு இவ்ளோ கஷ்டம், நெட்டுல ஸ்டைலிஷ் ஃபான்ட் மாத்துற சைட் இருக்கு, அதுல ஒட்டினா போல்டா வரும், அதை காப்பி பண்ணி போடுங்க, ஸ்டார் எல்லாம் வேண்டாம்.

தட்டச்சுக்காரி

தம்பி, அந்த சைட் எல்லாம் ஏ பி சி டி எழுத்துக்குத்தான், கணிதக் குறியீட்டுக்குன்னு யூனிகோடுல வச்சிருக்கற தடிச்ச எழுத்தை எடுத்து மாத்திக் குடுக்கும். தமிழுக்கு அப்படித் தனி எழுத்தே கிடையாது, தமிழை ஒட்டினா அப்படியே திரும்பி வரும். தமிழ்ல போல்டு வேணும்னா ஸ்டார்தான்.

மொட்டைமாடி சார், உங்க நோட்டீஸ் நல்லா இருக்கு. நான் ஆஃபீஸ்ல சர்க்குலரை இப்படி மாத்திப் போடுற ஆள், தமிழ்ல மட்டும் வர்ற ஒரு சிக்கல் சொல்றேன். விகுதி. `*சனிக்கிழமை*க்குள்` அப்படின்னு போட்டீங்கன்னா போல்டு விழாது, ரெண்டு ஸ்டாரும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கும். மூடுற ஸ்டாருக்கு அடுத்து எழுத்து ஒட்டி வந்தா அது மூடுற குறியாவே எடுத்துக்காது, இடைவெளியோ புள்ளியோ கமாவோ வரணும். அதனால `*சனிக்கிழமைக்குள்*`னு விகுதியையும் உள்ள சேத்துடணும். இங்கிலீஷ்ல சொல் சொல்லாப் பிரிஞ்சு நிக்கும், நமக்கு எல்லாம் ஒட்டிக்கிட்டே வரும், அதான் நம்ம குரூப்புல மட்டும் இவ்ளோ தொங்கற ஸ்டார்.

இன்னொன்னு, ஸ்டாருக்கும் எழுத்துக்கும் நடுவுல உள்பக்கம் இடைவெளி விடக் கூடாது. வரி ஆரம்பத்துல `* நேரம்:*`னு விட்டீங்கன்னா அதைவிட வேடிக்கை, முதல் ஸ்டாரை பட்டியல் குறின்னு எடுத்துக்கிட்டு ஒரு புள்ளி வச்சிடும், கடைசி ஸ்டார் மட்டும் அனாதையா நிக்கும். போல்டு வராம புள்ளி வந்திருக்குன்னா அந்த இடைவெளியைத்தான் தேடணும்.

பழைய போன்

என் அப்பா போன்ல நம்பர் லிஸ்ட், கோடு லிஸ்ட் ஒன்னுமே வரல, `- ` அப்படியே தெரியுது. போல்டு மட்டும் வருது. இது போன் பிரச்சனையா இல்ல நான் தப்பா போடுறேனா?

மொட்டைமாடி

தப்பா போடல. போல்டு 2016லயே வந்தது, லிஸ்ட்டும் மேற்கோள் கோடும் 2024 பிப்ரவரிலதான் வந்தது. ஆப் அப்டேட் ஆகாத போன்ல அது வெறும் கோடாதான் தெரியும். அதனாலதான் நான் லிஸ்ட்டுக்கு எப்பவும் கோடுதான் போடுவேன், ஸ்டார் போட மாட்டேன். ரெண்டும் வேலை செய்யும், ஆனா பழைய போன்ல கோடு பாக்க லிஸ்ட் மாதிரியே இருக்கும், ஸ்டார் போட்டா ஏதோ தப்பா டைப் ஆன மாதிரி இருக்கும். கூடவே லிஸ்ட்டுக்குள்ள போல்டு வேணும்னா `- *நேரம்:* காலை 8`ன்னு போட்டா குழப்பம் இல்ல, ஸ்டார்ல ஆரம்பிச்சா `* *நேரம்:*`னு எது எதுக்குன்னு நமக்கே புரியாது.

பள்ளிக்கூட குரூப் அம்மா

எனக்கு வேற மாதிரி. பசங்க கிளாஸ் குரூப்புல வந்த ஃபார்வர்ட்ல ஒவ்வொரு வரி முன்னாடியும் 👉 இருந்துச்சு, நான் 👉க்கு அப்புறம் கோடு போட்டேன், லிஸ்ட்டே ஆகல. அப்புறம் மொத்த மெசேஜும் போல்டா இருந்தா எல்லாரும் படிப்பாங்கன்னு முதல்ல ஒரு ஸ்டார் கடைசில ஒரு ஸ்டார் போட்டேன், அதுவும் வரல. ஒருவேளை மெசேஜ் ரொம்ப நீளமோ, எழுத்து எண்ணிக்கைக்கு லிமிட் இருக்கோ?

தட்டச்சுக்காரி

நீளம் காரணம் இல்லக்கா. ஸ்டார் ஒரு வரியோட முடிஞ்சுடும், அடுத்த வரிக்குத் தாண்டாது. நீங்க எண்டர் தட்டின இடத்துலயே அறுந்துடும். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியா தொறந்து மூடணும். மேற்கோள் கோடும் அப்படித்தான், `> ` ஒவ்வொரு வரி முன்னாடியும் வேணும்.

கை எமோஜி விஷயம், கோடு வரியோட முதல் எழுத்தா இருக்கணும், அப்புறம் ஒரு இடைவெளி. முன்னாடி எமோஜி நின்னா அது வெறும் கோடுதான். 👉ஐ அழிச்சுட்டு அந்த இடத்துல `- ` போடுங்க.

ஆனா மொத்தத்தையும் போல்டு பண்றது வேண்டாம்கா. எல்லாமே தடிச்சா எதுவும் தடிச்சதா தெரியாது. தேதி, நேரம், எங்க, கடைசி நாள், இதை மட்டும் தடிங்க.

சும்மா வந்தவன்

அக்கா நான் ரெண்டு ஸ்டார் போடுவேன், `**இப்படி**`, அதுதானே சரி? டெலிகிராம்ல அப்படித்தான் போடறோம்.

தட்டச்சுக்காரி

டெலிகிராம்ல அதுதான் சரி. வாட்ஸ்அப்ல ஒன்னுதான். அந்தப் பழக்கத்துல இங்கயும் ரெண்டு போட்டா கூடுதல் ஸ்டார் மிச்சமா தெரியும். எஸ்எம்எஸ்ல அனுப்பறதா இருந்தா எந்தக் குறியும் போடாத, அங்க எல்லாம் எழுத்தாவே போகும்.

பழைய போன்

ஸ்டார் டைப் பண்ண கீபோர்டு மாத்தி மாத்தி கை வலிக்குது, தமிழ் கீபோர்டுல ஸ்டார் ரெண்டாவது பக்கத்துல இருக்கு.

மொட்டைமாடி

டைப் பண்ணவே வேண்டாம். எழுதினதுக்கு அப்புறம் சொல்லை செலக்ட் பண்ணுங்க, கட் காப்பி வர்ற பட்டைல ஆண்ட்ராய்டுன்னா மூணு புள்ளிக்குள்ள போல்டு இருக்கும். ஐபோன்லயும் அதே மாதிரி செலக்ட் பண்ணா வர்ற மெனுவுக்குள்ள இருக்கு. அதுவே ஸ்டார் போட்டுக்கும். செலக்ட் பண்ணும்போது சொல்லுக்குப் பின்னாடி இருக்கற இடைவெளியையும் சேத்துப் பிடிச்சுடாம பாருங்க, மேல அக்கா சொன்ன அதே கதை ஆயிடும்.

நான் அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கே எனக்குன்னு இருக்கற சாட்ல ஒரு தடவை போட்டுப் பாப்பேன். குரூப்புல போட்டப்புறம் தொங்கற ஸ்டார் தெரிஞ்சா 15 நிமிஷத்துக்குள்ள எடிட் பண்ணலாம், ஆனா அதுக்குள்ள நாலு பேர் வேற குரூப்புக்கு அனுப்பியிருப்பாங்க, அந்த காப்பி மாறாது.

கணக்கப்பிள்ளை

எல்லாம் சரி, ஒரு விஷயம் யாரும் பேசலையே. காப்பி பண்ணி ஒட்டினதும் மேல இருந்த "ஃபார்வர்டட்" அடையாளம் போயிடுது. அப்ப அது நீங்க சொன்ன செய்தியாயிடுது. நாளைக்கு தேதி மாறினா உங்களைத்தான் கேப்பாங்க. நான் கடைசில `_தகவல்: அசோசியேஷன் செகரட்டரி_`ன்னு அண்டர்ஸ்கோர் போட்டு சாய்வா ஒரு வரி வைப்பேன்.

மொட்டைமாடி

சார் அது சரிதான், ஆனா செகரட்டரிக்கே அது எங்கிருந்தோ வந்தது. அவர் பேரைப் போட்டா அவர் கோச்சுக்கறார், போடலன்னா நான் மாட்டறேன். தேதியை அவர்கிட்ட உறுதி பண்ணிட்டுத்தான் போடறேன்ங்கறதால இப்போதைக்கு பேர் போடல.

கணக்கப்பிள்ளை

உறுதி பண்ணீங்கன்னு படிக்கறவனுக்கு எப்படித் தெரியும்? போடணும்னுதான் நான் சொல்வேன்.

பள்ளிக்கூட குரூப் அம்மா

கையெல்லாம் எடுத்துட்டு கோடு போட்டேன், லிஸ்ட் வந்துடுச்சு! ஆனா லிஸ்ட் முடிஞ்சு சாதாரண வரி எழுதலாம்னு எண்டர் தட்டினா திரும்ப ஒரு கோடு தானா வருது, அதை எப்படி நிறுத்தறது?

தட்டச்சுக்காரி

இன்னொரு எண்டர் தட்டுங்கக்கா, போயிடும்.