கலைச்சொல் விவாதம்: ‘அப்ஸ்கேலிங்’ என்பதற்கும் அதில் வரும் மெழுகுத் தோற்றத்திற்கும் தமிழில் என்ன சொல்லலாம்?

கேட்பவர் (அல்சூர், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதித் தமிழ் அமைப்பின் கண்காட்சிக்கு 24 × 36 அங்குலத்தில் சில தட்டிகள் அச்சிட இருக்கிறோம். தட்டிகளின் பின்னணி ஏரிக்கரை, பனைமரங்கள், செம்மண் பாதை ஆகியவற்றைக் கொண்ட ஒரு காட்சி. அதைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் உருவாக்கினோம். கிடைத்த படம் 832 × 1216 பிக்செல். அதை Real-ESRGAN என்ற பெரிதாக்கும் மென்பொருள் கொண்டு நான்கு மடங்காக்கி, வந்ததை மறுபடியும் பெரிதாக்கி அச்சிட்டுப் பார்த்தபோது, மண் மெழுகு உருக்கி ஊற்றியதுபோல் வழுவழுவென்று இருந்தது. ஆனால் பனைமரத்தின் விளிம்பு மட்டும் கத்தியால் நறுக்கியதுபோல் கூராக இருந்தது.

தன்னார்வலர்களுக்காகத் தமிழில் ஒரு செய்முறைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் படத்தைப் பெரிதாக்கும் இந்த ‘அப்ஸ்கேலிங்’ செயலைப் ‘பெரிதாக்கம்’ என்றும் இந்தக் குறையை ‘நெகிழித் தோற்றம்’ என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டுமே எனக்கு நிறைவாக இல்லை. சொல்லும் வேண்டும், குறை நீங்கும் வழியும் வேண்டும்.

ஜெயநகரிலிருந்து ஓர் உறுப்பினர்

நெகிழியில் அச்சிடுவதையே விட்டுவிடுங்கள் என்பது என் தாழ்மையான கருத்து. ஃபிளெக்ஸ் பேனர்கள் குறித்து 2018-இல் உயர் நீதிமன்றம் மாநகராட்சியைக் கடிந்துகொண்டது நினைவிருக்கும். துணியில் அச்சிட்டால் நெகிழித் தோற்றம் தானாகவே போய்விடும்.

கேட்பவர்

ஐயா, நாங்கள் அச்சிடுவது பளபளப்பில்லாத தாளில்தான். நெகிழி என்று நான் குறித்தது படத்தில் உள்ள மண்ணின் தோற்றத்தை. ‘நெகிழித் தோற்றம்’ எவ்வளவு எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பது இதிலிருந்தே தெரிவதால், அந்தச் சொல்லை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சிவாஜிநகர் ஒளிப்படக்காரர்

தாளின் மேல் லேமினேஷன் போட்டார்களா என்று பாருங்கள். பளபளப்பு லேமினேஷன் போட்டால் எந்தப் படமும் பொம்மைபோல் ஆகிவிடும். மேட் லேமினேஷனுக்கு மாற்றினாலே உங்கள் சிக்கல் தீரும். கல்யாண ஆல்பங்களில் இதை அன்றாடம் பார்க்கிறேன்.

சுல்தான்பேட்டை அச்சக முன்பணியாளர்

லேமினேஷன் பற்றி ஒளிப்படக்காரர் சொல்வதில் பாதி சரி. பளபளப்பான பரப்பு இருக்கும் குறையை எடுத்துக்காட்டும். இல்லாத குறையை உண்டாக்காது. கேள்வி கேட்ட அம்மா சொன்ன அடையாளத்தையே பாருங்கள்: விளிம்பு கூராக இருக்கிறது, விளிம்புக்குள்ளே ஒன்றும் இல்லை. சாதாரண மங்கலில் விளிம்பும் உட்பகுதியும் சேர்ந்தே மங்கும். விளிம்பு பிழைத்து உட்பகுதி மட்டும் செத்துப்போனால், அது பெரிதாக்கும் மென்பொருள் செய்த வேலைதான்.

காரணம் இது. இவ்வகை மென்பொருளைப் பயிற்றுவிக்கும்போது, நல்ல படங்களை வேண்டுமென்றே மங்கலாக்கி, இரைச்சல் சேர்த்து, ஜேபெக்கில் அமுக்கிக் கெடுத்து, ‘இதிலிருந்து பழைய படத்தை மீட்டெடு’ என்று பழக்குகிறார்கள். ஆகவே சின்னஞ்சிறு புள்ளிகள் எங்கே தென்பட்டாலும் அவற்றை அழுக்கு என்று எண்ணித் துடைப்பது அதன் இயல்பாகிவிடுகிறது. உங்கள் படத்தில் செம்மண்ணின் சொரசொரப்பு தொடக்கத்திலேயே பலவீனமானது. ஏனென்றால் நீங்கள் பயன்படுத்தியது போன்ற 1024 பிக்செல் வகைக் கருவிகள் படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய வடிவில் உருவாக்கி, பிறகுதான் பிக்செல்களாக விரிக்கின்றன. அந்தப் பலவீனமான புள்ளிகளை முதல் சுற்று துடைத்தது. எஞ்சியதை இரண்டாம் சுற்று துடைத்தது. பெரிதாக்கியதையே மறுபடி பெரிதாக்கியதுதான் உங்கள் படத்தில் நடந்த பெருந்தீங்கு.

இனிச் செய்முறை. தட்டியின் விகிதத்துக்கு ஏற்ப 811 × 1216 ஆக வெட்டிக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 200 பிக்செல் என்றால் 4800 × 7200 வேண்டும். அதாவது ஏறத்தாழ ஆறு மடங்கு. இதில் இரண்டு மடங்கை மட்டும் மென்பொருளிடம் கொடுங்கள். மீதி ஏறத்தாழ மூன்று மடங்கை, எதையும் ஊகிக்காமல் இருப்பதை விரிக்கும் பழைய லான்சோஸ் முறையில் 4800 × 7200 ஆகப் பெரிதாக்குங்கள். realesr-general-x4v3 என்ற மாதிரியில் இரைச்சல் நீக்கத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் -dn என்ற திருகு ஒன்று உண்டு. அதைத் தாழ்வாக வையுங்கள்.

```
python inference_realesrgan.py -n realesr-general-x4v3 -dn 0.2 --outscale 2 -i bg.png
```

realesr-general-x4v3 மாதிரி உள்ளுக்குள் நான்கு மடங்காகவே பெரிதாக்கி, பின்பு இரண்டு மடங்காகச் சுருக்கித் தரும். அப்படிச் சுருக்கும்போது, புல்லில் புழு நெளிவதுபோல் தோன்றும் போலிக் கோடுகள் ஓரளவு அடங்கிவிடுவது நமக்கு ஆதாயம். இதன்பின் மூலப்படத்தையும் லான்சோஸ் முறையில் நேரடியாக 4800 × 7200 ஆக்கி, இரண்டையும் கலந்துவிடுங்கள். கீழே plain.tif என்பது லான்சோஸ் மட்டும் செய்த படம், ai.tif என்பது மென்பொருள்வழி வந்த படம், 60 என்பது மென்பொருள் தந்த படத்தின் பங்கு. மண்ணுக்கு அதை 40 வரை இறக்கலாம். மரங்களுக்கு 60 இருக்கட்டும்.

```
magick plain.tif ai.tif -define compose:args=60 -compose blend -composite mix.tif
```

எலக்ட்ரானிக் சிட்டி இளைஞர்

ஐயா, இவ்வளவு சிரமம் எதற்கு? படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து படத்தை உருவாக்கும் டிஃப்யூஷன் கருவியிலேயே மறுபடி ஓட்டினால், இல்லாத கூழாங்கல்லையும் புல்லையும் அது உண்மையாகவே வரைந்து தருகிறது. மெழுகு என்ற பேச்சுக்கே இடமில்லை. படம் எவ்வளவு மாறலாம் என்ற அளவை நான் 0.5 வைத்து ஓட்டுவேன்.

சுல்தான்பேட்டை அச்சக முன்பணியாளர்

தம்பி, அந்த வழி உண்டு, ஆனால் 0.5 என்பது மிகை. ‘ஏரிக்கரையில் பனைமரங்கள்’ என்று முழுப் படத்துக்கும் கொடுத்த வாசகம் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே போவதால், வெறும் வானம் இருக்கும் கட்டத்திலும் அது ஒரு குட்டிப் பனைமரத்தை முளைக்க வைக்கும். கட்டங்கள் சேரும் இடத்தில் தையலும் தெரியும். 0.2-க்கும் 0.3-க்கும் இடையில் வைத்து, வாசகத்தில் ‘சிவந்த மண், சிறு கற்கள்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மண் பகுதி மட்டும் மாறும்படி மறைப்பு போட்டு ஓட்டினால் பயனுண்டு. முழுப் படத்தையும் ஓட்டிப் பார்ப்பதானால், தையல் தெரிகிறதா என்பதை வானத்தில் தேடுங்கள். மண்ணில் தேடினால் கண்ணுக்கு அகப்படாது.

மல்லேஸ்வரம் தமிழாசிரியை (ஓய்வு)

இதுவரை எழுதப்பட்டதைப் படித்தபின், ஒரே சொல்லால் மூன்று வேறு செயல்களைக் குறித்துவந்ததே குழப்பத்தின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. லான்சோஸ் முறையில் புதிய விவரம் எதுவும் சேராது, இருப்பது விரியும். Real-ESRGAN இருப்பதைக் கொண்டு இல்லாததை ஊகிக்கிறது. தம்பி சொல்லும் முறையில் படம் புதிதாகவே வரையப்படுகிறது. முதலாவதற்குப் ‘பெரிதாக்கம்’ போதும். இரண்டாவதற்கு ‘ஊகப் பெருக்கம்’ என்றும் மூன்றாவதற்கு ‘மீள்வரைவு’ என்றும் முன்மொழிகிறேன். ‘உருப்பெருக்கம்’ என்பது பள்ளி இயற்பியலில் வில்லைகளுக்கு உரியதாகிவிட்டது. அதைத் தொட வேண்டாம்.

குறையைச் சுட்ட ‘இழையழிவு’ எப்படி? ‘இழைநயம்’ என்பது பரப்பின் நயத்தைக் குறிக்க ஏற்கெனவே வழங்கும் சொல். அது அழிவது இழையழிவு. மங்கலிலிருந்து இதைப் பிரித்துக்காட்டவும் முடியும்.

எலக்ட்ரானிக் சிட்டி இளைஞர்

‘ஊகம்’ என்றால் பங்குச்சந்தை நினைவுக்கு வருகிறது, அம்மா. வாடிக்கையாளரிடம் ‘உங்கள் படத்தை ஊகித்துப் பெருக்கித் தருகிறோம்’ என்றால் அவர் கிளம்பிப் போய்விடுவார். ‘அளவேற்றம்’ என்பது ஒலிக்கவும் எளிது, மூன்றையும் அடக்கும்.

மல்லேஸ்வரம் தமிழாசிரியை

மூன்றையும் அடக்குவதுதான் அதன் குறை. இதே குழப்பத்தை அது தமிழில் நிலைநிறுத்தும். வாடிக்கையாளர் ஐயுறுவதும் எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. கோயில் கோபுரத்தின் படத்தை இப்படிப் பெருக்கினால் சிற்பங்களின் முகங்கள் ஊகமாகவே இருக்கும் என்பது அவருக்குத் தெரியத்தான் வேண்டும்.

கேட்பவர்

இரண்டு மடங்கு, பிறகு மூன்று மடங்கு, பிறகு கலப்பு என்ற வழியில் செய்தேன். பனையின் தண்டில் வளையங்கள் திரும்பி வந்துவிட்டன. மண் முன்னைவிட மேல். ஆயினும் சற்று வழுக்கலாகவே இருக்கிறது. கணினித் திரையில் இரைச்சல் சேர்த்துப் பார்த்தபோது நன்றாக இருந்தது; அச்சில் அது காணாமல் போய்விட்டது. வானத்தில் பட்டை பட்டையாக நிறப்படிகளும் தெரிகின்றன.

சுல்தான்பேட்டை அச்சக முன்பணியாளர்

இரைச்சலை ஒரு பிக்செல் அளவில் சேர்த்திருப்பீர்கள். அங்குலத்துக்கு 200 என்றால் ஒரு பிக்செல் 0.127 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவரின் கண், நல்ல பார்வை இருந்தாலும், ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைப் பிரித்தறியாது. போதாததற்கு, இன்க்ஜெட் இயந்திரம் தன் சொந்த மைப்புள்ளிகளால் அதைக் கரைத்துவிடும். ஆகவே இரைச்சலை இரண்டு முதல் இரண்டரை பிக்செல் அளவுள்ள மணிகளாகச் சேருங்கள். திரையில் சற்றே மிகையாகத் தோன்றினால் சரியாக இருக்கிறது என்று பொருள். எங்கள் கடையில் பையன்கள் இதைக் ‘கிரெய்ன் தூவுவது’ என்பார்கள்.

ஒளிர்வில் மட்டும் தூவுங்கள். நிறத்திலும் தூவினால் செம்மண்ணில் பச்சையும் நீலமுமாகப் பொட்டுகள் தோன்றும். மண்ணில் தாராளமாக, வானத்தில் சிறிதளவாக, நிழலில் மிகக் குறைவாக இருக்கட்டும். கோப்பை 16 பிட்டுக்கு மாற்றிய பிறகு தூவினால் அந்தச் சிறிதளவே வானத்துப் பட்டைகளையும் உடைத்துவிடும். கூர்மைப்படுத்துவதை முன்பே முடித்துவிடுங்கள். தூவியபின் கூர்மைப்படுத்தினால் மணிகள் உப்புக்கல்போல் துருத்தும்.

முழுத் தட்டியை அச்சிடும் முன், மண்ணும் வானமும் சந்திக்கும் இடத்தில் ஏ4 அளவுக்கு ஒரு துண்டை, உண்மை அளவிலேயே, அதே தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிப் பாருங்கள்.

மல்லேஸ்வரம் தமிழாசிரியை

‘கிரெய்ன்’ என்பதற்குக் ‘குருணை’ என்று வைத்துக்கொள்ளலாமே. அரிசிக் குருணையை எல்லாரும் அறிவர். தூவுதல் என்ற வினையும் அதற்கு இயல்பாகப் பொருந்துகிறது.

சிவாஜிநகர் ஒளிப்படக்காரர்

குருணை நன்று. பழைய ஃபிலிமில் வந்த மணிகளுக்கும் அதே சொல் ஆகும். மேட் லேமினேஷன் பற்றிய என் கருத்தையும் குறிப்பில் ஒரு வரி சேருங்கள், முன்பணியாளர் மறுக்கமாட்டார்.

கேட்பவர்

குறிப்பில் குருணை, இழையழிவு, மீள்வரைவு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். லேமினேஷன் வரியும் சேரும். ‘ஊகப் பெருக்கமா’, ‘அளவேற்றமா’ என்பதில் இசைவு வராததால், இப்போதைக்கு ‘மென்பொருள்வழிப் பெரிதாக்கம்’ என்றே எழுதி, இரண்டு சொற்களையும் பக்கத்தில் குறித்து வைக்கிறேன். துண்டு அச்சைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வானத்துப் பட்டைகள் போய்விட்டன, மண்ணில் குருணை இன்னும் கொஞ்சம் கூடலாம் என்று தோன்றுகிறது. பனையோலையின் நுனிகளில் மட்டும் நெளிகோடுகள் எஞ்சியுள்ளன. அவ்விடங்களில் கலப்பின் பங்கை இறக்குவதா, மறைப்பு போட்டு மீள்வரைவதா?

சுல்தான்பேட்டை அச்சக முன்பணியாளர்

முதலில் பங்கை 30-க்கு இறக்கிப் பாருங்கள். ஓலை நுனியில் மீள்வரைவு செய்தால் பனை தென்னையாகிவிடும்.