ஓஆர்எஸ் கலக்குவது குறித்து ஒரு உதவி

குடியாத்தத்தில் பெரியப்பாவுக்கு (58) காலையிலிருந்து ஆறு முறை தண்ணியா போயிருக்கு. ரத்தம், காய்ச்சல் இல்லை, அசதிதான். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுசா ஒரே டம்ளரில் கலந்துட்டாங்க. அவ்வளவு கெட்டியா குடிச்சா அது குடலுக்குள்ள தண்ணியை இழுத்து பேதியைக் கூட்டும், உப்பும் ஏறும். அதைக் கொட்டிட்டு, ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் புதுப் பாக்கெட் கலக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறை போனதும் ஒன்றரை டம்ளர், வாந்தி வந்தா பத்து நிமிஷம் விட்டு மடக்கு மடக்கா. நடுவில் உப்புக் கஞ்சி, இட்லி, தயிர்சாதம். கூல்டிரிங்க்ஸ் வேண்டாம்.

கேள்வி இதுதான்: பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுறார். இன்னைக்கு நிறுத்தணுமா? டாக்டர்கள், நர்சுகள் யாராவது சொல்லுங்க. ஆறு மணி நேரம் சிறுநீர் வராட்டியோ, எழுந்தா தலை சுத்தினாலோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம்.