குடும்பக் குழுவில் ஒரு கணக்கு: படிக்கட்டு, அரைவட்டம், பள்ளம்

*கவிதா, இரவு 8:04*
[படம்]
நிலாவுடைய பிரைமரி 6 வொர்க்‌ஷீட். சுற்றளவும் பரப்பளவும் கேட்டிருக்கிறார்கள், ஆனால் பாதிப் பக்கங்களுக்கு அளவே போடவில்லை. அவளுக்குச் சுற்றளவு 96 செமீ வந்திருக்கிறது, எனக்கு ஏதோ இடிக்கிறது. யாராவது பாருங்களேன்.

*செல்வா, 8:09*
அக்கா, சுலபம்தான். படிக்கட்டு மாதிரி இறங்குகிற பக்கத்தை மேலேயும் வலப்பக்கமும் தள்ளிவிட்டால் முழுச் செவ்வகமாகிவிடும். மேலே 20, கீழே 20, வலப்பக்கம் 14, இடப்பக்கம் அரைவட்டம் 22. மொத்தம் 76.

*கவிதா, 8:10*
அரைவட்டம் எப்படி 22? அவள் அந்தப் பக்கத்துக்கு 36 என்று எழுதியிருக்கிறாள்.

*செல்வா, 8:11*
விட்டம் 14 என்று போட்டிருக்கிறதே. முழு வட்டம் 22/7 × 14 = 44, அதில் பாதி 22.

*முரளி, 8:13*
இது அப்படியே என் புது வீட்டு பிளான் மாதிரி இருக்கிறது, அரைவட்டம்தான் இல்லை. ஸ்கர்ட்டிங் போட காண்ட்ராக்டர் அளவு கேட்டார், நான் கூடத்துக்கு நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி சதுர மீட்டரில் அனுப்பிவிட்டேன். அது போதும் இல்லையா?

*வள்ளி அத்தை, 8:20*
முரளி, உன்னுடையதை அப்புறம் பார்க்கிறேன். கவிதா, முதலில் எனக்குப் படத்தில் தெரிவதைச் சொல்கிறேன், சரியா என்று பார். இடப்பக்கம் வெளியே புடைத்த அரைவட்டம், அதன் விட்டம் புள்ளிக்கோடாக, 14. அடிப்பக்கம் முழுக்க அம்பு போட்டு 20. மேல் விளிம்பு 8, அங்கிருந்து 4 இறங்கி, வலப்பக்கம் கொஞ்சம் போய், மறுபடி இறங்கி, 5 போய், கடைசியாக 4 இறங்கி அடிக்கு வருகிறது. அடிப்பக்கத்தின் நடுவில் உள்ளே குடைந்த ஒரு சின்னப் பள்ளம், ஆழம் 3. அதன் அகலம் தாள் மடிப்பில் மறைந்துவிட்டது. சரிதானே?

*கவிதா, 8:21*
ஆமாம் அத்தை, அப்படியேதான்.

*வள்ளி அத்தை, 8:27*
96 எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டது. அரைவட்டத்தின் வளைவு 22, அதோடு புள்ளிக்கோட்டின் 14ஐயும் சேர்த்து 36 போட்டிருக்கிறாள். அந்தக் கோடு உருவத்துக்கு உள்ளே இருக்கிறது. விளிம்பில் பென்சிலை வைத்து, எடுக்காமல் ஒரு சுற்று சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வரச் சொல். பென்சில் போகாத கோட்டைச் சுற்றளவில் சேர்க்கக் கூடாது. அரைவட்டத்தின் சுற்றளவு என்று தனியாகக் கேட்டால் விட்டத்தையும் கூட்டுவோம், அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் கூட்டிவிடுகிறார்கள். மற்றதெல்லாம் அவள் சரியாகப் போட்டிருக்கிறாள். 96இல் 14 போனால் 82, அதுதான் விடை.

*செல்வா, 8:28*
82 எப்படி அத்தை? எனக்கு 76 வருகிறதே. பள்ளத்தையும் கீழே தள்ளினால் அடிப்பக்கம் நேராகிவிடுமே.

*வள்ளி அத்தை, 8:35*
தள்ளிப் பார் செல்வா. பள்ளத்தின் மேல்கோடு கீழே இறங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும், அடிப்பக்கம் 20 ஆகிவிடும், அதுவரை சரி. இரண்டு பக்கச் சுவர்கள் இருக்கின்றனவே, அவை எங்கே போகும்? படிக்கட்டில் இறங்குகிற கோடுகள் எல்லாம் சேர்ந்து வலப்பக்கத்து 14 ஆகிவிட்டன, அவற்றுக்கு ஓர் இடம் இருந்தது. பள்ளத்துச் சுவர்களுக்கு அப்படி இடமில்லை, அதனால் 3 + 3 கூடுதலாக வரும். மூலையில் வெட்டினால் சுற்றளவு மாறாது, பக்கத்தின் நடுவில் குடைந்தால் ஆழத்தின் இரண்டு மடங்கு கூடும். சந்தேகமாக இருந்தால் துண்டு துண்டாகக் கூட்டிப் பார்.

*செல்வா, 8:39*
8 + 4 + 7 + 6 + 5 + 4 = 34. அடிப்பக்கம் 26. அரைவட்டம் 22. ஆமாம், 82.

*கவிதா, 8:40*
நடுவில் 7, 6 எங்கிருந்து வந்தது? படத்தில் இல்லையே.

*செல்வா, 8:41*
குறுக்கே போகிற கோடுகள் மொத்தம் 20 அக்கா, 8உம் 5உம் போக 7. இறங்குகிற கோடுகள் மொத்தம் 14, இரண்டு 4 போக 6.

*வள்ளி அத்தை, 8:49*
சுற்றளவுக்கு அந்த 7உம் 6உம் தெரியவே வேண்டியதில்லை, மொத்தம் தெரிந்தால் போதும். பரப்பளவுக்குத்தான் அவை வேண்டும். படிக்கட்டை மேலிருந்து கீழாக மூன்று பட்டைகளாக வெட்டச் சொல். முதல் பட்டை 8 × 14 = 112. இரண்டாவதில்தான் பிள்ளைகள் தவறுவார்கள், பக்கத்தில் 6 என்று எழுதிவைத்ததால் 7 × 6 என்று போடுவார்கள். அந்தப் பட்டை அடிவரை போகிறது, அதன் உயரம் 14 − 4 = 10. கீழிருந்து பார்த்தாலும் 6 + 4 = 10. இரண்டு வழியிலும் ஒரே எண் வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகச் சொல். ஆக 70, கடைசிப் பட்டை 5 × 4 = 20, மூன்றும் சேர்ந்து 202. அரைவட்டத்தின் ஆரம் 7, பரப்பளவு 22/7 × 49இல் பாதி, 77. மொத்தம் 279. இதில் பள்ளத்தைக் கழிக்க வேண்டும்.

*கவிதா, 8:51*
பள்ளத்தின் அகலம்தான் தெரியவில்லையே.

*செல்வா, 8:54*
படத்தைப் பெரிதாக்கி ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் 20 என்றால் பள்ளம் ஏறக்குறைய 4 வருகிறது. அப்படியானால் 12 கழித்து 267.

*வள்ளி அத்தை, 9:00*
அளந்து எழுதக் கூடாது. அதே ஸ்கேலை மேலே 8 செமீ கோட்டிலும் வலது ஓரத்து 5 செமீ கோட்டிலும் வைத்துப் பார், என் போனில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளமாகத் தெரிகின்றன. கவிதா சாய்வாகப் படம் எடுத்திருக்கிறாள், போனுக்குப் பக்கத்தில் இருக்கிற பகுதி பெரிதாகத்தான் விழும். நேராக எடுத்திருந்தாலும், இந்த மாதிரி வினாக்களில் படத்தை அளவுப்படி வரையவில்லை என்று பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். பள்ளத்தின் இடதுச் சுவரில் ஒரு குட்டிக் கோடு குறுக்கே போட்ட மாதிரி தெரிகிறது. மேல்கோட்டிலும் அதே குறி இருந்தால் இரண்டும் சம நீளம், பள்ளம் சதுரம், 9 கழித்து 270. இல்லையென்றால் அகலம் வினாவின் வாசகத்தில் இருக்கும், படத்தில் மேலே உள்ள வரிகள் வெட்டுப்பட்டிருக்கின்றன.

*கவிதா, 9:03*
தாள் பள்ளியில் இருக்கிறது அத்தை. கிளம்பும்போது அவசரமாகத் தோழியின் போனில் எடுத்த படம் இது.

*வள்ளி அத்தை, 9:06*
அப்படியானால் சுற்றளவை முடித்துவிட்டு, பரப்பளவில் 279 வரை எழுதி நிறுத்தச் சொல். மிச்சத்தைத் தாளைப் பார்த்துப் போடட்டும். பையின் மதிப்பையும் அப்போதே பார்க்கச் சொல். 7, 14 என்று வருவதால் 22/7 என்று எடுத்துக்கொண்டோம், 3.14 என்று கேட்டிருந்தால் வளைவு 21.98 ஆகிவிடும், பரப்பளவும் மாறும்.

*கவிதா, 9:08*
சொல்லிவிட்டேன். பள்ளத்துக்கு அகலமே தெரியாமல் சுற்றளவு எப்படி வரும் என்று கேட்கிறாள்.

*வள்ளி அத்தை, 9:11*
நல்ல கேள்வி. பள்ளம் அகலமானால் அடிப்பக்கத்தில் அவ்வளவு குறையும், மேல்கோட்டில் அதே அளவு கூடும். அகலம் 2 என்று வைத்து ஒரு முறை, 5 என்று வைத்து ஒரு முறை கூட்டிப் பார்க்கச் சொல்.

*முரளி, 9:14*
அம்மா, என் ஸ்கர்ட்டிங்?

*வள்ளி அத்தை, 9:17*
நீ அனுப்பியது தரை டைல்ஸுக்கான கணக்கு, ஸ்கர்ட்டிங் சுவரோரமாக ஓடுவது. சுற்றளவை மீட்டரில் கொடு, கதவு வருகிற இடங்களைக் கழித்துவிடு. உன் வீட்டு பாம் ஷெல்டர் அறை கூடத்தின் மூலையில் இருக்கிறதா, ஒரு சுவரின் நடுவிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கிறதா?

*முரளி, 9:19*
பிளானில் மூலையில்தான். ஆனால் அதற்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து மாதிரி இருக்கிறது, அதற்கு அளவு போடவில்லை.

*வள்ளி அத்தை, 9:20*
அதற்கும் ஸ்கேலை எடுக்காதே. சாவி வாங்கியாயிற்றே, நாளைக்கு டேப்போடு போய் அந்தச் சந்தின் ஆழத்தை அளந்து அனுப்பு.