மாணவி கேட்ட கேள்விக்கு ஒரு படம் வேண்டும்

வணக்கம். களுவாஞ்சிகுடியில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். நேற்று ரிட்டுக்சிமாப் மருந்தை உதாரணமாக எடுத்தேன். ஐஜிஜி வகையைச் சேர்ந்த இந்தப் பிறபொருளெதிரியின் கைகள் பி கலத்திலுள்ள சிடி20 என்ற புரதத்தைப் பிடிக்கும், எஃப்சி என்ற தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தண்டை இயற்கைக் கொல்லிக் கலம் தன் சிடி16 ஏற்பியால் பிடித்து, பேர்ஃபொரினால் துளையிட்டு, கிரான்சைமை உள்ளே அனுப்பிக் கொல்லும்.

உடனே ஒரு மாணவி கேட்டாள்: "சேர், இரத்தம் முழுக்க ஐஜிஜி இருக்குதே, அப்ப அந்தக் கலம் ஏன் எந்த நேரமும் தாக்குறதில்லை?"

அவளுடைய பையின் ஒட்டுப்பட்டியையே காட்டினேன். ஒரு கொக்கி மாட்டினால் உடனே கழன்றுவிடும், பல சேர்ந்தால்தான் பிடிக்கும். தனியே மிதக்கும் ஐஜிஜி சிடி16இல் வலுவில்லாமல் ஒட்டி விலகிவிடும். இலக்குக் கலத்தின் மேல் தண்டுகள் நெருக்கமாக நிற்கும்போது பல ஏற்பிகள் ஒன்றாகத் திரளும், அப்போதுதான் கொல்லும் சமிக்ஞை எழும்.

சரி, அவள் விடவில்லை. "அப்ப மிதக்கிற ஐஜிஜி இடத்தைப் பிடிச்சுக்காதா?" நல்ல கேள்வி. ஓரளவு பிடிக்கும்; சோதனைக்குழாயில் மனித ஐஜிஜியைச் சேர்த்தால் ரிட்டுக்சிமாப்பின் கொல்லும் திறன் குறைகிறது. தண்டின் சர்க்கரைச் சங்கிலியில் பியூக்கோசை நீக்கினால் சிடி16உடன் பிடிப்பு கூடி, இந்தத் தடை குறையும்.

ஐஜிஜி சேர்த்தும் சேர்க்காமலும் செய்த சோதனையின் வரைபு யாரிடமாவது இருக்கிறதா? மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஆய்வுகூடத்தில் இருப்பவர்கள் தந்தால் திங்கட்கிழமை வகுப்பில் காட்டுவேன்.